விதைக்கு மேலே ஒரு சின்ன உருண்டை: எப்படித் தெரிந்துகொள்வது?

"வணக்கம் டாக்டர். வயது 28. சொந்த ஊர் கும்பகோணம் பக்கம், திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். இரண்டு வாரம் முன்பு குளிக்கும்போது இடது விதைக்கு மேலே பட்டாணி அளவில் வழவழப்பாக ஒரு உருண்டை கையில் பட்டது. வலி இல்லை. ரூம் நண்பன் செல்போன் டார்ச் அடித்துப் பார்க்கச் சொன்னான், சிவப்பாக வெளிச்சம் தெரிந்தது. 'அப்போ தண்ணீர்தான், கேன்சர் இல்லை' என்கிறான். நெட்டில் தேடினால் கேன்சர் என்றே வருகிறது. தெரிந்த கம்பவுண்டர் ஒருவர் ஊசி குத்தி உறிஞ்சிவிடலாம் என்கிறார். பெரியப்பாவுக்கு விரைவீக்கம் வந்து ஆபரேஷன் நடந்தது. அது பரம்பரையாக வருமா? எனக்குச் சுய இன்பப் பழக்கம் உண்டு, அதனால் விந்து கட்டிக்கொண்டதா? தை மாதம் கல்யாணம். குழந்தை பிறக்குமா? பெண் வீட்டில் சொல்ல வேண்டுமா? வீட்டில் யாரிடமும் கேட்க முடியவில்லை."
பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருப்பூர்

தம்பி, கடிதத்தை மட்டும் வைத்து எந்த டாக்டரும் நோயை உறுதி செய்ய முடியாது. நானும் செய்யப் போவதில்லை. ஆனால் நீங்கள் சொல்லும் விவரங்கள் பெரும்பாலும் ஸ்பெர்மட்டோசீல் என்ற சாதுவான நீர்க்கட்டியைத்தான் காட்டுகின்றன. அதை உறுதி செய்வது எப்படி, மற்ற வீக்கங்களிலிருந்து டாக்டர்கள் அதை எப்படிப் பிரித்துப் பார்க்கிறார்கள் என்று சொல்கிறேன். படித்துவிட்டு நீங்கள் ஒருமுறை நேரில் போய்க் காட்டத்தான் வேண்டும்.

உங்கள் நண்பர் கேட்ட கேள்வி, 'உள்ளே இருப்பது தண்ணீரா, சதையா?' என்பது. நெட் கேட்கும் கேள்வி, 'கேன்சரா இல்லையா?' இரண்டுமே அப்புறம் கேட்க வேண்டியவை. விதைப்பையில் எந்த வீக்கத்தோடு யார் வந்தாலும் நாங்கள் முதலில் பார்ப்பது, அது எங்கே இருக்கிறது என்பதைத்தான். விதைக்கு உள்ளேயா, வெளியேயா? இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் பாதிக் கவலை அங்கேயே தீர்ந்துவிடும். விதைக்கு உள்ளே கெட்டியாக ஒரு கட்டி இருந்தால், வேறு விதமாக நிரூபிக்கப்படும் வரை அதைப் புற்றுநோய் என்றே எடுத்துக்கொண்டு பரிசோதிப்போம். விதைக்கு வெளியே, அதை விட்டுத் தனியாக இருப்பவை மிகப் பெரும்பாலும் தீங்கில்லாதவை.

விதைப்பைக்குள் விதை மட்டும் இல்லை. விதையின் பின்பக்கத்தில், மேலிருந்து கீழ்வரை ஒட்டிக்கொண்டு எபிடிடிமிஸ் என்று ஒரு உறுப்பு இருக்கிறது. அது மிக மெல்லிய ஒரே குழாய். நீட்டினால் ஏறத்தாழ 6 மீட்டர் வரும். அத்தனையும் சுருண்டு சுருண்டு ஒரு விரல் நீளத்துக்குள் அடங்கிக் கிடக்கிறது. விதையில் உருவாகும் விந்தணுக்கள் இதற்குள் நுழைந்து, மெல்ல நகர்ந்து, நீந்தக் கற்றுக்கொண்டு வெளியேறுகின்றன. இதன் மேல்முனைக்குத் தலைப்பகுதி என்று பெயர். அது சரியாக விதையின் உச்சியில் இருக்கிறது. விதையிலிருந்து சில நுண்குழாய்கள் கிளம்பி இந்தத் தலைப்பகுதிக்குள் வந்து சேர்கின்றன. அவற்றில் ஒன்று அடைபட்டோ சுவர் தளர்ந்தோ உப்பிப்போனால், உள்ளே வரும் திரவம் விந்தணுக்களோடு அங்கேயே தங்கி ஒரு பையாகிவிடும். அதுதான் ஸ்பெர்மட்டோசீல். ஏன் உப்புகிறது என்பதற்குப் பெரும்பாலானவர்களிடம் ஒரு காரணமும் கிடைப்பதில்லை. அடிபட்டதோ கிருமித் தொற்றோ இல்லாதவர்களுக்கும் வருகிறது. வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கப் போய், இப்படி ஒன்று இருப்பதையே அப்போதுதான் தெரிந்துகொள்ளும் ஆண்கள் நிறையப் பேர்.

கட்டியே இல்லாமல் பயந்து வருபவர்களும் உண்டு. எபிடிடிமிஸின் தலைப்பகுதி எல்லோருக்கும் கொஞ்சம் புடைப்பாகத்தான் இருக்கும். அதுவரை தொட்டுப் பார்த்தே இராதவர் ஒருநாள் தொட்டுவிட்டால் புதிதாக எதுவோ முளைத்தது போலத் தோன்றும். அதனால் வெந்நீரில் குளித்த பிறகு, பை தளர்ந்திருக்கும் நேரத்தில், வலது பக்கத்தையும் அதே இடத்தில் தொட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மென்மையான புடைப்பு என்றால் அது உங்கள் உடம்பின் அமைப்பு. இடது பக்கம் மட்டும் தனி உருண்டையாக உருண்டால் அது கட்டி. இடது விதை வலதைவிடச் சற்றுத் தாழ்ந்து தொங்குவதும் இயல்புதான், அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

டாக்டரின் விரல்கள் தேடுவது

ஓபி-யில் உங்களை முதலில் நிற்க வைத்துத்தான் பார்ப்பார்கள். வெட்கமாக இருக்கும், இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். டாக்டர் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வீக்கத்துக்கு மேலே, விதைப்பையின் கழுத்துப் பகுதியில் வைத்து, விரல்கள் இரண்டும் ஒன்றோடொன்று சேர முடிகிறதா என்று பார்ப்பார். நடுவில் விந்து நாளமும் ரத்தக் குழாய்களும் உள்ள கயிறு மட்டும் தட்டுப்பட்டால், வீக்கம் விதைப்பைக்குள்ளேயே முடிந்துவிடுகிறது என்று பொருள். விரல்களைச் சேர்க்க முடியாமல் வீக்கம் மேலே தொடை இடுக்கு வரை போனால், அது குடலிறக்கமாக இருக்கலாம். இருமச் சொல்வது அதற்காகத்தான். ஹெர்னியா என்றால் இருமும்போது விரலில் ஒரு தள்ளல் தெரியும், படுத்தால் பல நேரம் தானாக உள்ளே போய்விடும். பட்டாணி அளவில் தனியாக உருளும் கட்டி இந்த வகையில் சேராது.

அடுத்த வேலைதான் முக்கியமானது. விதையைத் தனியாகவும் கட்டியைத் தனியாகவும் பிடிக்க முடிகிறதா? ஸ்பெர்மட்டோசீலில் முடியும். விதையின் முழு வட்டத்தையும், உச்சி உட்பட, விரலால் சுற்றி வர முடியும். அதன் மேலேயும் சற்றுப் பின்னாலும் கட்டி தனியாக நிற்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு பள்ளம் விரலுக்குப் புரியும். ஓதம் என்று ஊரில் சொல்லும் ஹைட்ரோசீலில் கதை வேறு. அங்கே விதையைச் சுற்றியுள்ள இரட்டைச் சவ்வுக்கு நடுவில் நீர் சேர்கிறது. முன்பக்கமும் பக்கவாட்டிலும் நீர் சூழ்ந்துகொள்வதால் விதையைத் தேடினாலும் கையில் அகப்படாது. முழுப் பையே ஒரு வீக்கமாக இருக்கும்.

'விதைக்கு மேலே' என்று வரும்போது இன்னொன்றையும் மறக்கக் கூடாது. விந்துக் கயிற்றிலேயே ஒரு சிறு நீர்க்கட்டி வருவதுண்டு. குழந்தைகளிடம் அதிகம், பெரியவர்களிடம் எப்போதாவது. அதுவும் வழவழப்பான உருண்டைதான், அதுவும் தண்ணீர்தான், தொட்டால் ஸ்பெர்மட்டோசீல் போலவே ஏமாற்றும். விதையை மெதுவாகக் கீழே இழுத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். கயிற்றில் உள்ள கட்டி இழுத்தவுடன் கீழே இறங்கி, முன்பு போல அங்குமிங்கும் நகராமல் இறுகி நிற்கும். எபிடிடிமிஸில் உள்ளது விதையோடு ஒட்டியே வரும், அதன் தலைமாட்டை விட்டு விலகாது. இதை நீங்களே இழுத்துச் சோதிக்க வேண்டாம், டாக்டர் செய்வார்.

பிறகு படுக்கச் சொல்வார்கள். அது வேரிகோசீலுக்காக. விதையிலிருந்து ரத்தத்தை மேலே கொண்டுபோகும் சிரைகள் புடைத்துப்போவதுதான் வேரிகோசீல். பெரும்பாலும் இடது பக்கம்தான் வரும், உங்களுக்கும் இடதுதான் என்பதால் இதைச் சொல்கிறேன். அதைத் தொட்டால் ஒரு உருண்டை கிடைக்காது, மண்புழுக்கள் சுருண்டு கிடப்பது போல நெளிவாக இருக்கும். நின்றால், முக்கினால் பெரிதாகும், படுத்தால் வடிந்துவிடும். படுத்த பிறகும் வடியாத வேரிகோசீலையும், வலது பக்கம் மட்டும் புதிதாக வரும் வேரிகோசீலையும் நாங்கள் லேசாக விடுவதில்லை. வயிற்றுக்குள், குறிப்பாகச் சிறுநீரகத்தில், கட்டி ஏதாவது சிரையை அழுத்துகிறதா என்று வயிற்று ஸ்கேனும் எடுப்போம். நீங்கள் சொல்லும் உருண்டை நின்றாலும் படுத்தாலும் ஒரே அளவில் இருக்கிறதா என்று கவனித்து டாக்டரிடம் சொல்லுங்கள்.

தொட்டாலே வலிப்பது, சிறுநீர் எரிச்சல், காய்ச்சல், தோல் சிவந்து சூடாக இருப்பது இவையெல்லாம் எபிடிடிமிஸில் கிருமித் தொற்று என்பதற்கான அறிகுறிகள். உங்களுக்கு அவை இல்லை. நம் ஊரில் காசநோயும் எபிடிடிமிஸைத் தாக்குவதுண்டு. அது வழவழப்பாக இராது. கரடுமுரடாக, கெட்டியாக, பெரும்பாலும் கீழ்முனையில் தொடங்கும். நாள்பட்டால் பையின் பின்புறத் தோலில் புண்ணாகி வடிவதும் உண்டு.

டார்ச் வெளிச்சத்தை எவ்வளவு நம்பலாம்?

உங்கள் நண்பர் செய்யச் சொன்னது நாங்களும் செய்யும் சோதனைதான். தெளிந்த நீருள்ள வீக்கத்தின் பின்னால் வெளிச்சம் வைத்தால் முன்னால் இளஞ்சிவப்பாக ஒளிரும். சதைக்கட்டியும் ரத்தம் தேங்கிய வீக்கமும் ஒளிராமல் இருட்டாக நிற்கும். ஆனால் அதை வைத்து அவர் வந்த முடிவு சரியில்லை.

முதல் சிக்கல், செல்போன் டார்ச் மிகவும் பிரகாசமானது, வெளிச்சம் விரிந்தும் பரவும். விதைப்பையின் தோல் மெல்லியது. பட்டாணி அளவுக் கட்டியைச் சுற்றியுள்ள வெறும் தோலே சிவப்பாக ஒளிர்ந்திருக்கும். நீங்கள் பார்த்தது கட்டியின் வெளிச்சமா, தோலின் வெளிச்சமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. நாங்கள் அறையை இருட்டாக்கி, சிறிய பேனா டார்ச்சைக் கட்டியின் பின்னாலேயே ஒட்டி வைத்து, முன்னாலிருந்து பார்ப்போம். அப்படிச் செய்தும் இவ்வளவு சின்னக் கட்டியில் பல நேரம் தெளிவாகச் சொல்ல முடிவதில்லை. ஸ்பெர்மட்டோசீலுக்குள் இருக்கும் திரவம் விந்தணுக்களால் சற்றுக் கலங்கி, கஞ்சித் தண்ணீர் நிறத்தில் இருப்பதால் மங்கலாகத்தான் ஒளிரும்.

இரண்டாவது சிக்கல்தான் ஆபத்தானது. விதைக்குள் புற்றுக்கட்டி உள்ள சிலருக்கு அதைச் சுற்றி நீரும் சேரும். டார்ச் அடித்தால் நீர் அழகாக ஒளிரும், உள்ளே இருக்கும் கட்டி மறைந்துவிடும். வெளிச்சம் தெரிந்தால் 'இங்கே நீர் இருக்கிறது' என்று மட்டும்தான் பொருள். 'வேறு எதுவும் இல்லை' என்று வெளிச்சம் சொல்லாது. விதையைக் கையால் உணர முடியாத எந்த ஹைட்ரோசீலுக்கும், அதுவும் இளம் வயதில், ஸ்கேன் எடுத்தே தீர வேண்டும் என்று நாங்கள் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் பார்க்க வேண்டியவை

உங்களுக்கு நான் பரிந்துரைப்பது ஒரே ஒரு சோதனை. விதைப்பை அல்ட்ராசவுண்ட், ரத்த ஓட்டத்தையும் காட்டும் டாப்ளரோடு. எம்ஆர்ஐ, சிடி எதுவும் தேவையில்லை. பட்டினி கிடக்க வேண்டாம், சிறுநீரை அடக்கி வைக்க வேண்டாம். ஒரு துண்டை அடியில் கொடுத்துத் தாங்கி, ஜெல் தடவி, சிறிய கருவியை மேலே வைத்து நகர்த்துவார்கள். வேரிகோசீல் இருக்கிறதா என்று பார்க்க நடுவில் மூச்சைப் பிடித்து முக்கச் சொல்வார்கள். கால் மணி நேர வேலை. கதிர்வீச்சு இல்லாததால் விந்தணுக்களுக்குப் பாதிப்பும் இல்லை. அரசு மருத்துவமனையின் அறுவை சிகிச்சை ஓபி-யில் காட்டினால் அவர்களே எழுதிக் கொடுப்பார்கள். கூச்சமாக இருந்தால் ஆண் டாக்டர் இருக்கும் நாளைக் கேட்டுக்கொண்டு போகலாம், தவறில்லை.

ரிப்போர்ட் ஆங்கிலத்தில் வரும். கையில் வந்ததும் பயப்படாமல் மூன்று விஷயங்களைத் தேடுங்கள். கட்டி இருக்கும் இடத்தை 'எக்ஸ்ட்ரா டெஸ்டிகுலர்' என்றோ 'எபிடிடிமல் ஹெட்' என்றோ எழுதியிருந்தால் அது விதைக்கு வெளியே, நாம் பேசிய தலைப்பகுதியில் இருக்கிறது. 'அனெகோயிக்' என்று இருந்தால் உள்ளே திரவம் மட்டுமே. கட்டிக்குள் ரத்த ஓட்டம் இல்லை என்றும், இரண்டு விதைகளும் இயல்பாக உள்ளன என்றும் தனித்தனியாகக் குறிப்பு இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு முக்கியம். கட்டியைப் பார்த்துவிட்டு விதையைப் பற்றி ஒரு வரிகூட எழுதாத ரிப்போர்ட் என்றால், திரும்பப் போய்க் கேளுங்கள்.

உங்களைப் போன்ற ஒருவருக்கு வழக்கமாக வரும் ரிப்போர்ட் இப்படி இருக்கும்: இடது எபிடிடிமிஸின் தலைப்பகுதியில் 9 மி.மீ.க்கு 8 மி.மீ. அளவில் மெல்லிய சுவருள்ள நீர்க்கட்டி, உள்ளே ரத்த ஓட்டம் இல்லை, விதைகள் இரண்டும் இயல்பு. கீழே முடிவுப் பகுதியில் 'ஸ்பெர்மட்டோசீல் அல்லது எபிடிடிமல் சிஸ்ட்' என்று இரண்டு பெயரையும் போட்டிருப்பார்கள். டாக்டருக்கே தெரியவில்லையோ என்று நினைக்க வேண்டாம். ஸ்பெர்மட்டோசீலில் விந்தணு கலந்த திரவம், மற்றதில் தெளிந்த நீர், அவ்வளவுதான் வித்தியாசம். ஸ்கேனில் இரண்டும் ஒன்று போலத் தெரியும், செய்ய வேண்டியதும் ஒன்றுதான். இந்த இரண்டில் எது என்று கண்டுபிடிக்க ஊசி குத்திப் பார்க்க வேண்டிய அவசியம் எனக்கு நேர்ந்ததே இல்லை.

ஒருவேளை 'இன்ட்ரா டெஸ்டிகுலர்', 'சாலிட்' என்ற சொற்கள் இருந்தால், அதாவது விதைக்கு உள்ளே கெட்டியான கட்டி என்றால், அதே வாரத்தில் சிறுநீரியல் டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். அப்போதுதான் ஏஎஃப்பி, பீட்டா எச்சிஜி, எல்டிஎச் என்ற மூன்று ரத்தச் சோதனைகளுக்கு வேலை வரும். விதைப் புற்றுநோய் நம் நாட்டில் அரிது, ஆனால் வருவது உங்கள் வயதுக்காரர்களுக்குத்தான். ஆரம்பத்தில் பிடித்தால் மிகப் பெரும்பாலானோர் முழுமையாகக் குணமாகிவிடுகிறார்கள். சிறு வயதில் விதை கீழே இறங்காமல் இருந்தவர்களுக்கு ஆபத்து சற்று அதிகம். உங்களுக்கு அப்படி இருந்ததா என்று அம்மாவிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். 'வலி இல்லை, அதனால் கேன்சர் இல்லை' என்று மட்டும் நினைக்காதீர்கள். விதைப் புற்றுக்கட்டி பெரும்பாலும் வலிக்காது. உங்கள் விஷயத்தில் எனக்கு ஆறுதல் தருவது வலி இல்லாதது அல்ல. கட்டி விதையை விட்டுத் தள்ளி, வழவழப்பாக இருப்பதாக நீங்கள் சொல்வதுதான்.

ஊசி வேண்டாம்

அந்தக் கம்பவுண்டர் நல்ல மனிதராகவே இருக்கட்டும், அவர் கையில் இதைக் கொடுக்காதீர்கள். ஸ்பெர்மட்டோசீலை ஊசியால் உறிஞ்சினால் காலியாகும், ஆனால் சுரக்கும் சுவர் அங்கேயே இருப்பதால் திரும்ப நிரம்பும். ஊசி போன வழியில் கிருமி போகலாம், ரத்தக் குழாய் கிழிந்து பை முழுக்க ரத்தம் கட்டலாம். கட்டியிலிருந்து கசியும் விந்தணுக்களை உடம்பு அந்நியப் பொருளாக நினைத்து எதிர்க்கும்போது அந்த இடம் வீங்கி வலிக்கும். வலியே இல்லாமல் இருந்தவர் வலியோடு வருவார். உறிஞ்சிய பிறகு சுவர் ஒட்டிக்கொள்ள ஒரு மருந்தைச் செலுத்தும் முறை ஒன்று இருக்கிறது. அது எபிடிடிமிஸையே புண்ணாக்கிக் குழாயை அடைத்துவிடலாம் என்பதால், இனிமேல் குழந்தை பெற வேண்டியவருக்கு நாங்கள் அதைச் செய்வதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஸ்கேன் பார்க்காமல் குத்தி, அது புற்றுக்கட்டியாக இருந்துவிட்டால், நோய் பரவ நாமே ஒரு வழி திறந்துவிட்டதாக ஆகும். விதைப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையைக்கூட விதைப்பையைக் கீறாமல் தொடை இடுக்கு வழியாகச் செய்வதற்குக் காரணம் இதுதான்.

ஆபரேஷன்? உங்கள் அளவுக்குத் தேவையே இல்லை. நடக்கும்போது இழுக்கிற அளவுக்குக் கனமாக, விதைக்கு நிகரான பெரிய கட்டியாக வளர்ந்து தொந்தரவு கொடுத்தால் மட்டும்தான் அந்தப் பேச்சு. அப்போதும் குழந்தைகள் பிறந்த பிறகு செய்துகொள்வதே நல்லது என்று சொல்வேன். கட்டியை அந்த 6 மீட்டர் குழாயிலிருந்து பிரித்தெடுக்கும்போது குழாய் கிழிந்தால், அந்தப் பக்கத்து விந்தணுக்களுக்கு வழி அடைபட்டுவிடும். சின்னக் கட்டியோடு நாள்பட்ட வலியும் இருப்பவர்கள், 'எடுத்துவிட்டால் வலி போய்விடும்' என்று நம்பி வருவார்கள். பல நேரம் வலிக்கும் கட்டிக்கும் சம்பந்தமே இருக்காது, எடுத்த பிறகும் வலி அப்படியே இருக்கும்.

மாத்திரையால் இது கரையாது. ஆங்கில மருந்தானாலும் சரி, லாட்ஜில் ரூம் போட்டு உட்கார்ந்து 'விரைவீக்கம் கரைக்கப்படும்' என்று நோட்டீஸ் ஒட்டுபவர்களின் லேகியமானாலும் சரி. ஹைட்ரோசீலையும் கட்டிகளையும் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டின் மாயத் தீர்வுகள் விளம்பரத் தடைச் சட்டப்படி குற்றம். பஸ் ஸ்டாண்டு சுவர்களைப் பார்த்தால் அப்படி ஒரு சட்டம் இருப்பதாக யாருக்கும் தோன்றாது.

பெரியப்பாவும் பழக்கமும்

பெரியப்பாவுக்கு வந்தது பரம்பரையாக வரும் நோய் அல்ல. கும்பகோணம் பகுதி நெடுங்காலம் யானைக்கால் நோய் அதிகமாக இருந்த இடம். அதே கொசு பரப்பும் அதே புழு நிணநீர்க் குழாய்களில் குடியேறி, சிலருக்குக் காலை வீங்க வைக்கும், சிலருக்கு விதைப்பையில் நீர் சேர வைக்கும். அவருக்கு அப்படி வந்திருக்க வாய்ப்பு அதிகம். அது விதையைச் சூழும் வீக்கம், உங்களுடையது அதற்கு வெளியே இருக்கும் ஒரு சின்னக் கட்டி. இரண்டும் ஒரே குடும்பத்தில் இருப்பது தற்செயல். நீங்களும் அந்த ஊரில் வளர்ந்தவர் என்பதை மட்டும் ஸ்கேன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். நிணநீர்க் குழாயில் புழு நெளிவது இருந்தால் அல்ட்ராசவுண்டில் நேராகவே தெரியும்.

சுய இன்பத்தால் விந்து கட்டிக்கொண்டு உருண்டையாகிவிடாது. அப்படி ஒன்று நடப்பதாக மருத்துவத்தில் எங்கும் இல்லை. அதை நிறுத்தினால் கட்டி சிறிதாகவும் ஆகாது. கட்டிக்குள் இருப்பது, வெளியே போக வழியில்லாமல் ஒரு நுண்குழாயில் தங்கிய திரவம். நீங்கள் எத்தனை முறை விந்தை வெளியேற்றினீர்கள், எத்தனை முறை அடக்கினீர்கள் என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

கட்டியைத் தினமும் அழுத்திப் பார்க்காதீர்கள். நீங்கள் ஏற்கெனவே அப்படிச் செய்துகொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், கண்டுபிடித்தவர்கள் எல்லோரும் செய்வார்கள். பாத்ரூமில் ஒருமுறை, படுக்கையில் ஒருமுறை என்று பிதுக்கிப் பிதுக்கி, இரண்டு வாரத்தில் அந்த இடம் நிஜமாகவே வலிக்க ஆரம்பித்து, 'இப்போது வலியும் வந்துவிட்டது டாக்டர்' என்று வருவார்கள். ஸ்கேன் முடிந்த பிறகு மாதத்துக்கு ஒருமுறை, குளித்ததும் தொட்டுப் பார்த்தால் போதும். வருடா வருடம் ஸ்கேன் வேண்டாம். வேகமாக வளர்ந்தாலோ, கெட்டியானாலோ, விதையின் மேலேயே புதிதாக ஏதாவது தட்டுப்பட்டாலோ திரும்ப வாருங்கள்.

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. விதைப்பையில் திடீரென்று தாங்க முடியாத வலி, வாந்தி, அந்தப் பக்கத்து விதை மேலே ஏறிக்கொண்டது போலத் தோன்றுவது. இது விதை முறுக்கிக்கொண்டதன் அறிகுறி. நீர்க்கட்டி உள்ளவருக்கும் வரலாம், இல்லாதவருக்கும் வரலாம். 6 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்தால்தான் விதையைப் பெரும்பாலும் காப்பாற்ற முடியும். நடு ராத்திரி என்றாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கிளம்பிவிட வேண்டும்.

தை மாதக் கல்யாணம்

தேதியை மாற்ற வேண்டாம். ஸ்பெர்மட்டோசீலால் ஆண்மை குறையாது. விதை வழக்கம் போல ஹார்மோனைச் சுரக்கும். விந்தணுக்களும் மற்ற நுண்குழாய்கள் வழியாகப் போய்க்கொண்டேதான் இருக்கும், வலது பக்கமும் முழுமையாக வேலை செய்கிறது. இந்தக் கட்டி உள்ளது என்பதற்காக விந்துச் சோதனை செய்யச் சொல்லி நான் யாருக்கும் எழுதுவதில்லை. மனம் அடங்காமல் நீங்களாகச் செய்துகொள்வதானால், 2 முதல் 7 நாள் இடைவெளி விட்டுக் கொடுங்கள். எண்ணிக்கை எப்படி வந்தாலும் அதற்கு இந்தப் பட்டாணியைக் காரணம் சொல்ல வேண்டாம்.

பெண் வீட்டில் கூட்டம் போட்டுச் சொல்ல வேண்டிய விஷயம் இது இல்லை. முதுகில் ஒரு கொழுப்புக்கட்டி இருந்தால் நிச்சயதார்த்தத்தில் அறிவிப்போமா? ஆனால் கல்யாணப் பெண்ணிடம் நீங்களே சொல்லிவிடுவது எனக்குச் சரியாகப் படுகிறது. கல்யாணத்துக்குப் பிறகு அவர் தானாகத் தெரிந்துகொண்டால், நீங்கள் இந்த இரண்டு வாரம் பட்ட பயத்தை அவரும் படுவார், மறைத்ததாகவும் நினைக்கலாம். ஸ்கேன் எடுத்த பிறகு சொல்லுங்கள், அதற்கு முன்னால் வேண்டாம். அரைகுறையாகச் சொன்னால் அவரும் நெட்டில் தேடுவார். 'ஒரு சின்ன நீர்க்கட்டி இருக்கிறது, ஸ்கேன் பார்த்தாச்சு, மருந்துகூட வேண்டாம்னுட்டாங்க' என்று ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னால் போதும்.